எந்த முறை? தொகையிடலுக்கு ஒரு மீள்பார்வைத் தாள்

∫ x/(x² − 9) dx. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நுண்கணிதத் தேர்வின் முதல் கேள்வியாக இது வந்தது. மாணவர்களுக்குத் தெம்பு ஊட்டத்தான் ஆசிரியர் இதை முதலில் வைத்தார். t = x² − 9 என்று பிரதியிட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் தேர்வு எழுதிய 178 பேரில் 44 பேர் கீழே இருப்பதைக் காரணிப்படுத்திப் பகுதிப் பின்னங்களுக்குப் போனார்கள். இன்னும் 17 பேர் x = 3 sin θ என்று தொடங்கினார்கள். கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் பதிவு செய்த செய்தி இது.

அந்த 44 பேருக்கும் கடைசியில் சரியான விடை கிடைத்திருக்கும்; நேரம்தான் போயிருக்கும். 17 பேரின் வழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 3 sin θ ஒருபோதும் 3-ஐத் தாண்டாது என்பதால் |x| > 3 என்ற பரப்பு முழுவதும் விட்டுப்போகிறது. இத்தனைக்கும் எல்லோருக்கும் எல்லா முறைகளும் தெரிந்தே இருந்தன. எதை முதலில் பார்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

மும்பையில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. மகாராஷ்டிர மாநில வாரியப் பாடநூல், எல்லாப் பாடநூல்களையும் போலவே, முறைவாரியாகப் பயிற்சிகளைப் பிரித்து வைத்திருக்கிறது. பிரதியிடலுக்கு ஒரு பயிற்சி, பகுதித் தொகையிடலுக்கு ஒன்று, பகுதிப் பின்னங்களுக்கு ஒன்று. பயிற்சியின் தலைப்பே முறையைச் சொல்லிவிடுகிறது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி ஆங்கிலவழி ஜூனியர் கல்லூரிக்கு வந்த பிள்ளையானாலும், செம்பூரில் தொடக்கம் முதலே ஆங்கிலவழியில் படித்த பிள்ளையானாலும், அந்தத் தலைப்பின் துணையோடு எல்லாக் கணக்கையும் போட்டுவிடும்.

சிஇடி தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. 50 கணிதக் கேள்விகளுக்கு 90 நிமிடம். ஒன்றுக்கு 108 விநாடி. மாட்டுங்கா விஜேடிஐ-யில் இடம் தேடும் மாணவர் தவறான முறையில் நான்கு நிமிடம் செலவிட்டால், போவது அந்த ஒரு கேள்வி மட்டுமல்ல, அடுத்த கேள்வியும்தான்.

எனவே மீள்பார்வைத் தாள் என்பது சூத்திரப் பட்டியலாக இருந்து பயனில்லை. அது எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். அதுவும் செலவு குறைந்த சோதனையிலிருந்து செலவு கூடியதற்கு, வரிசையாக. ஷோன்ஃபெல்ட் 1978-இல் அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி இதழில் முன்வைத்த திட்டமும் இந்தப் போக்கில்தான் இருந்தது: முதலில் எளிமையாக்கு, பிறகு வகைப்படுத்து, இரண்டுக்கும் சிக்காவிட்டால் உருமாற்று. கீழே உள்ள ஐந்து அடையாளங்களும் அதே வரிசையில் நிற்கின்றன.

1. விரித்தாலோ வகுத்தாலோ தீருமா? மேலே உள்ள பல்லுறுப்புக்கோவையின் படி கீழே உள்ளதன் படிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் முதலில் நீள்வகுத்தல். sin²x, cos²x தனியாக வந்தால் இரட்டைக் கோண வாய்பாடு.

2. ஒரு சார்பும் அதன் வகைக்கெழுவும், ஒரு மாறிலி கூடக் குறைய இருந்தாலும், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா? பிரதியிடல். x/(x² − 9) இங்கேயே முடிந்துவிடுகிறது: ½ ln|x² − 9| + C.

3. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு வகைச் சார்புகளின் பெருக்கமா, அல்லது ln x, tan⁻¹x போலத் தனியாக நிற்கும் சார்பா? பகுதித் தொகையிடல்.

4. பல்லுறுப்புக்கோவையின் கீழ் பல்லுறுப்புக்கோவை, கீழே உள்ளது காரணிப்படுகிறதா? பகுதிப் பின்னங்கள். இருபடிக்கோவை காரணிப்படாவிட்டால் முழு வர்க்கமாக்குதல்.

5. √(a² − x²), √(a² + x²), √(x² − a²) வடிவம் இருந்து, வெளியே பிரதியிடலுக்கு உதவும் x இல்லையா? முறையே a sin θ, a tan θ, a sec θ. மூலக்குறி இல்லாமல் x² − 9 மட்டும் இருந்தால் இந்த வரிக்கு வரவே வேண்டாம்.

ஒரு கணக்கை இந்த வரிசையில் ஓட்டிப் பார்க்கலாம்.

∫ (x + 5)/(x² + 4x + 13) dx

மேலே படி 1, கீழே படி 2; வகுக்க ஒன்றுமில்லை. கீழே உள்ளதன் வகைக்கெழு 2x + 4. மேலே இருப்பது x + 5. சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் பாதி பொருந்துகிறது. எனவே மேலே உள்ளதைப் பிரிக்கலாம்:

x + 5 = ½(2x + 4) + 3

முதல் துண்டு இரண்டாம் அடையாளத்தில் அடங்கி ½ ln(x² + 4x + 13) தருகிறது. மிச்சம் ∫ 3 dx/(x² + 4x + 13). தன்மைகாட்டி 16 − 52 = −36, குறை எண்; மெய்க்காரணிகள் இல்லை என்பதால் பகுதிப் பின்னங்களுக்கு வழியில்லை. முழு வர்க்கமாக்கினால் கீழே (x + 2)² + 9. ஆகவே:

½ ln(x² + 4x + 13) + tan⁻¹((x + 2)/3) + C

வகையிட்டால் (x + 2) மேலே ஒரு துண்டும், 3 மேலே ஒரு துண்டும் அதே கீழ்க்கோவையோடு வந்து சேர்கின்றன. கூட்டினால் x + 5. பிரிக்காமல் நேரே x = 3 tan θ − 2 என்று போனவருக்கும் இந்த விடை வரும். ஆனால் விடையை θ-இலிருந்து x-க்குத் திருப்பும் வேலை அவருக்குக் கூடுதல்.

மூன்றாம் அடையாளத்தில்தான் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெருக்கத்தைக் கண்டவுடன் பகுதித் தொகையிடல் என்று கை போய்விடுகிறது. எதை u என்று எடுப்பது என்பதற்கு ஹெர்பர்ட் கசூபே 1983-இல் எழுதிய வரிசையையே இன்று வகுப்புகளில் மனப்பாடம் செய்கிறார்கள்: மடக்கை, நேர்மாறு முக்கோணவியல், இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி. x eˣ-க்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் x³e^(x²) வந்தால், விதி சொல்கிறபடி u = x³ என்று எடுத்தவர் e^(x²)-ஐத் தொகையிட வேண்டும்; அடிப்படைச் சார்புகளில் அதற்கு விடையே கிடையாது. இரண்டாம் அடையாளத்தை முதலில் பார்த்திருந்தால், x²-ம் அதன் வகைக்கெழுவும் கண்ணில் பட்டிருக்கும். t = x² என்று வைத்தால் ½∫ t eᵗ dt. இப்போது அதே விதி சரியாகப் பொருந்தி, ½ e^(x²)(x² − 1) + C என்று முடிகிறது.

வழி தவறியதை எப்படி அறிவது? பிரதியிட்ட பிறகும் x மிச்சம் நின்று அதை t-இல் எழுத முடியாவிட்டால், அந்தப் பிரதியிடல் தவறு. பகுதித் தொகையிடலுக்குப் பின் x-இன் அடுக்கு குறையாமல் கூடினால், u-ஐயும் dv-ஐயும் தலைகீழாக எடுத்தாயிற்று என்று பொருள். eˣ sin x போன்றவை மட்டும் விலக்கு: இரண்டு சுற்றில் தொடங்கிய தொகையீடே திரும்ப வரும், அதை இடப்பக்கம் கொண்டுபோனால் விடை. இரண்டாம் சுற்றில் தேர்வை மாற்றிக்கொண்டால் 0 = 0 என்றுதான் நிற்கும்.

தாளை அச்சடித்துக் கொடுப்பதோடு விட்டால் அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். எல்லாப் பயிற்சிகளிலிருந்தும் கலந்தெடுத்த இருபது கணக்குகளைத் தலைப்பில்லாமல் கொடுத்து, தீர்க்க வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் முறையின் பெயரையும் அடையாளத்தையும் மட்டும் எழுதுங்கள் என்று சொல்லலாம். கால் மணி நேரத்தில் முடியும். திருத்தும்போது, இரண்டாம் அடையாளத்தில் தீரக்கூடிய கணக்கை எத்தனை பேர் நான்காவதற்கோ ஐந்தாவதற்கோ கொண்டுபோனார்கள் என்று எண்ணினால் போதும். அடுத்த வகுப்பில் எதை மறுபடி எடுக்க வேண்டும் என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது.