பாரிஸில் பிறந்த பெண்ணுக்கு யார் தந்த செவ்வாய் தோஷம்?

ஜோதிடம் மெய்யா பொய்யா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அதை நம்புகிறவர்கள் நம்பட்டும். என் சண்டை கணக்கைப் பற்றியது. ஜாதகம் என்பது முதலில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமை கிடையாது.

எங்கள் புதுச்சேரியில் பிரான்சில் பிள்ளை பெற்ற குடும்பங்கள் தெருவுக்கு நாலு இருக்கும். பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்ந்திருந்தாலும் வரன் பார்க்கும்போது ஜாதகம் இங்கேதான் எழுதப்படுகிறது. எழுதுகிறவர் கேட்பது தேதி, நேரம், ஊர், அவ்வளவுதான். அந்த வருஷம் அந்த ஊரில் கடிகாரம் எந்தச் சட்டப்படி ஓடியது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண். பாரிஸில் 10 அக்டோபர் 1990, புதன்கிழமை மாலை 5.55க்குப் பிறந்தவள். பிறப்புப் பதிவின் முழு நகலில் மணியும் நிமிஷமும் எழுத்தாலேயே எழுதியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நேரத்தைப் பதியாமல் விடமாட்டார்கள். ஆனால் பதிவில் இருப்பது அன்றைக்கு ஊர்க் கடிகாரம் காட்டிய நேரம், அதாவது சட்டப்படியான நேரம். அதைக் கிரீன்விச் நேரமாக மாற்றினால்தான் ஜாதகக் கணக்கே தொடங்கும்.

இங்கேதான் கோளாறு. இன்றைக்கு பிரான்சில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடை நேரம். கிரீன்விச்சுக்கு இரண்டு மணி முன்னால். மற்ற மாதங்களில் ஒரு மணி முன்னால். ஜோதிடர் அக்டோபர் 10 என்றதும் "கோடை நேரம்" என்று கட்டத்தில் டிக் போட்டார். 5.55இல் இரண்டு மணியைக் கழித்தார். கிரீன்விச் 3.55 என்று வந்தது.

ஆனால் அது 1990. 1995 வரை பிரான்சில் கோடை நேரம் செப்டம்பர் கடைசி ஞாயிறோடு முடிந்துவிடும். அக்டோபர் இறுதி வரை நீட்டியது 1996இல்தான். 1990இல் செப்டம்பர் 30ஆம் தேதியே முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஆகவே கழிக்க வேண்டியது ஒரு மணிதான். சரியான நேரம் கிரீன்விச் 4.55. (இங்கிலாந்தில் மட்டும் அந்த வருஷம் கோடை நேரம் அக்டோபர் 28 வரை நீடித்தது. அதனால் அந்த நாலு வாரம் லண்டன் கடிகாரமும் பாரிஸ் கடிகாரமும் ஒரே மணியைக் காட்டின. லண்டன் உறவுக்காரர் சொன்னதை வைத்துப் பாரிஸுக்குக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

"ஒரு மணி நேரம்தானே சார், ஒரு லக்னம் இரண்டு மணி நேரம் நிற்கும்" என்றார் ஜோதிடர். இரண்டு மணி என்பது நம் ஊர்க் கணக்கு. சென்னையில் கும்பம் உதித்து முடிய ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகும். பாரிஸ் வடக்கே ஏறக்குறைய 49 பாகையில் இருக்கிறது. அங்கே ராசிகள் அடிவானத்தில் சாய்ந்து எழும்புவதால் எல்லாம் ஒரே வேகத்தில் உதிப்பதில்லை. துலாம் உதித்து முடிய இரண்டே முக்கால் மணி ஆகும். கும்பமும் மீனமும் ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் உதித்து முடிந்துவிடும். அங்கே ஒரு மணி பிசகினால் மீன லக்னம் நிச்சயமாகப் பறிபோகும்.

இவளுக்கு நடந்ததும் அதுதான். கிரீன்விச் 4.55க்குப் பாரிஸில் மீனத்தின் நடுப்பகுதி உதித்துக்கொண்டிருந்தது. ஜோதிடரின் 3.55க்குக் கும்பம். செவ்வாய் அன்று ரிஷபத்தில். கும்பத்திலிருந்து எண்ணினால் நாலாம் இடம். தோஷம் என்று எழுதிவிட்டார். மீனத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் இடம், தோஷமே இல்லை. சந்திரன் மிதுனத்தில் இருப்பதால் அங்கிருந்து செவ்வாய் பன்னிரண்டு என்று ஒருவர் கிளப்பினார். பன்னிரண்டில் இருக்கும் செவ்வாய் ரிஷபத்தில் இருந்தால் விலக்கு என்பது அவர்களே சொல்லும் விதி. சுக்கிரனிலிருந்து பார்த்தாலும் தோஷ இடம் இல்லை.

நட்சத்திரம் மாறவில்லை, திருவாதிரைதான். அதனால் பத்துப் பொருத்தம் பார்த்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பிறக்கும்போது மீதி இருந்த ராகு தசை சுமார் ஒன்பது மாதம் கூடிப்போனது. அதற்குப் பின் வரும் எல்லா தசைகளும் அந்த ஒன்பது மாதம் தள்ளித்தான் ஓடும். நல்ல இடம் ஒன்று "தோஷ ஜாதகம்" என்று விலகிப் போயிற்று. பெண்ணின் தாயார் அழுதது எனக்குத் தெரியும்.

பிழையைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம். சூரியன் அன்று கன்னியில். மீன லக்னத்துக்குக் கன்னி ஏழாம் இடம், அதாவது மேற்கு அடிவானம். பிறந்த கால் மணியில் சூரியன் மறைந்திருக்க வேண்டும். கும்ப லக்னம் என்றால் மறைய இன்னும் ஒன்றேகால் மணி இருந்திருக்கும். தாயாரைக் கேட்டேன். "பிள்ளையைக் குளிப்பாட்டிக் கையில் கொடுக்கும்போது ஜன்னலில் இருட்டு கட்டிடுச்சு மாமா" என்றாள். ஒரு தாய்க்கு நினைவிருப்பதை ஜோதிடர் கேட்டிருந்தால் போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பாரிஸ் நேரத்தை இந்திய நேரமாக்கி, நம் ஊர் லக்ன அட்டவணையில் பார்ப்பவர்கள். கிரகங்கள் நிற்கும் இடத்துக்கு இது சரிதான். அந்தக் கணத்தில் உலகெங்கும் செவ்வாய் ஒரே இடத்தில்தான் தெரியும். லக்னம் அப்படியல்ல, அது நிற்கும் ஊரைப் பொறுத்தது. இந்தப் பெண் பிறந்த கணம் இந்தியாவில் இரவு 10.25. அப்போது புதுச்சேரியில் உதித்துக்கொண்டிருந்தது மிதுனம். பாரிஸில் பிறந்தவளுக்குப் புதுச்சேரியின் கீழ்வானம் எதற்கு?

1976க்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு விதமான தப்பு நடக்கிறது. யுத்தம் முடிந்து சில மாதங்களில் கோடை நேரத்தை நிறுத்திய பிரான்ஸ், 1976 மார்ச் 28 வரை அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. வருஷம் முழுக்க ஒரு மணி முன்னால், அவ்வளவே. 1970 ஜூலையில் பிறந்த ஒருவருக்கு "ஜூலை, ஆகவே கோடை" என்று இரண்டு மணி கழித்த தாள் ஒன்று என் கைக்கு வந்தது. அவருக்கு இப்போது பேரன் இருக்கிறான். தசா புக்தி மட்டும் இன்னும் அந்தத் தாளின்படியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மென்பொருள் மேல் பழி போடுகிறார்கள். கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி என்று நீங்களே எண்ணைத் தட்டினால், அது நீங்கள் தட்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். நேர மண்டலத்தை Europe/Paris என்று பெயரால் கேட்கும் மென்பொருளாக இருந்தால் 1976, 1996 மாற்றங்கள் அதற்குள்ளேயே இருக்கும். டிக் போடும் வேலையே இல்லை. ஆகவே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் எழுதக் கொடுக்கிறவர்கள், கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி எடுத்தார், எந்த ஊரின் அட்சாம்சம் தீர்க்காம்சம் போட்டார் என்று தாளின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிறவருக்கு தட்சணை கொடுக்காதீர்கள்.