பெட் பாத் கொடுக்கத் தெரியாம நின்ன நாள்

போன வாரம் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வரும்போது, ஸ்க்ரீனுக்குப் பின்னால ஒரு நர்சிங் மாணவி கையில பேசினோட அப்படியே நின்னுட்டு இருந்தாங்க. முதல் கிளினிக்கல் போஸ்டிங். பேசின்ல இருந்த தண்ணி ஆறிப்போயிருந்துச்சு. "என்னாச்சும்மா?"ன்னு கேட்டேன். "லேப்ல பொம்மைக்குப் பண்ணியிருக்கேன் சார். இவங்க என்னையே பார்க்குறாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல"ன்னு சொன்னாங்க.

எனக்கு சிரிப்பு வரல. பல வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி ஒரு பேசினோட நானும் நின்னிருக்கேன். அந்தக் கதையைச் சொல்லிட்டு, அதுல இருந்து எனக்குத் தோணுற ஒரு கருத்தையும் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல படுத்த படுக்கையா யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

நான் அப்போ எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். முதல் வருஷம் முழுக்க அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. தோலுக்கு எத்தனை அடுக்கு, முதுகுல என்னென்ன தசைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா உயிரோட இருக்கிற ஒரு மனுஷனோட முதுகை அதுவரைக்கும் நான் தொட்டதே இல்ல.

முதல் போஸ்டிங் ஆண்கள் மெடிக்கல் வார்டு. அங்க அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு ஐயா இருந்தார். ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை 108-ல கொண்டு வந்திருந்தாங்க. பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. கூட யாரும் இல்ல. நம்ம ஊர் அரசு ஆஸ்பத்திரியில நோயாளியைத் துடைச்சு விடுறது பெரும்பாலும் கூட இருக்கிற சொந்தக்காரங்கதான். அட்டெண்டர் இல்லாத நோயாளிக்கு அது யார் வேலையும் இல்லாத வேலையா ஆயிடும். நாலாவது நாள் காலையில வார்டு சிஸ்டர் என்னைப் பார்த்து, "தம்பி, சும்மாதானே நிக்கிறே? வா, இவரைத் துடைச்சு விடலாம்"னு கூப்பிட்டாங்க.

பக்கெட்டும் மக்கும் கையில கொடுத்தாங்க. நான் நேரா போய் அவர் வேட்டியை உருவப் போனேன். அவர் இடது கையால வேட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். "விடுங்கய்யா"ன்னேன். விடல. இவருக்குத்தான் நாம பேசுறது புரியலையேன்னு நினைச்சுக்கிட்டு கையை விலக்கப் பார்த்தேன்.

சிஸ்டர் தடுத்தாங்க. "அவருக்குப் பேச்சுதான் வரல. நீ பேசுறது புரியுது. நடு வார்டுல அவுத்தா நீ விடுவியா?"

அப்புறம் அவங்க செஞ்சதைப் பார்த்தேன். முதல்ல ஸ்க்ரீனை இழுத்தாங்க. ஃபேனை நிறுத்தினாங்க. "ஐயா, உடம்பு துடைக்கப் போறோம், முகத்துல இருந்து ஆரம்பிக்கிறோம்"னு அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாங்க. ஒரு பெரிய துண்டை அவர் மேல விரிச்சாங்க. துண்டு மேல இருக்க, அதுக்கு அடியில இருந்து வேட்டியை மெதுவா எடுத்தாங்க. அவர் கை தானா தளர்ந்துச்சு. எந்த இடத்துலயும் அவர் முழுசா வெறும் உடம்பா இல்ல. கை துடைக்கும்போது கை மட்டும் வெளிய, கால் துடைக்கும்போது கால் மட்டும் வெளிய. துடைச்ச உடனே உலர்த்தி, மூடிடணும். குளிர் நடுக்கத்துக்கும் கூச்சத்துக்கும் மருந்து அந்த ஒரே துண்டுதான்.

வரிசையும் சொல்லிக் கொடுத்தாங்க. தண்ணி நல்ல வெதுவெதுப்பா இருக்கணும், அதை முழங்கையால பார்க்கணும். உள்ளங்கை சூட்டுக்குப் பழகினது, அது ஏமாத்தும். முதல்ல கண். சோப்பு கிடையாது, வெறும் தண்ணி. மூக்குப் பக்கத்துல இருந்து காதுப் பக்கமா ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்குத் துணியோட வேற மூலை. அப்புறம் முகம், கழுத்து, கை, மார்பு, வயிறு, கால். தண்ணியை மாத்திட்டு முதுகு. மறைவிடம் கடைசியில, புதுத் தண்ணி, தனித் துணி. சுத்தமான இடத்துல இருந்து அசுத்தமான இடத்துக்குப் போகணும், திரும்பி வரக் கூடாது. இந்த ஒரு விதி புரிஞ்சா வரிசையை மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

கதீட்டர் போட்ட ஆண் நோயாளிக்கு முன்தோலைப் பின்னால தள்ளிச் சுத்தம் பண்ணினா, முடிச்சதும் அதை மறக்காம முன்னால கொண்டு வந்துடணும். அப்படியே விட்டா கொஞ்ச நேரத்துல வீங்கி, இறுக்கிப் பிடிச்சு, அதுவே ஒரு எமர்ஜென்சி ஆயிடும். டாக்டர் ஆன பிறகு அப்படி ஒரு கால் வந்து ஓடியிருக்கேன்.

இப்ப முதுகு. அவரைத் திருப்பணும். நான் அவரோட இடது பக்கம் நின்னு, செயலிழந்த வலது கையைப் பிடிச்சு என் பக்கமா இழுத்தேன். அவர் முகம் வலியில சுருங்குச்சு. சிஸ்டர் என் கையைத் தட்டி விட்டாங்க. பக்கவாதம் வந்த கையில தோள்பட்டையைப் பிடிச்சு வைக்கிற தசை தளர்ந்து போயிருக்கும். அந்தக் கையை இழுத்தா மூட்டு நழுவும், வலி மாசக்கணக்குல நிக்கும். சரியான முறை இதுதான்: அந்தக் கையை மெதுவா நெஞ்சு மேல வைக்கணும், வலது முழங்காலை மடக்கி நிறுத்தணும், ஒரு கையைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னாலயும் இன்னொரு கையை இடுப்புலயும் வச்சு நம்ம பக்கமா உருட்டணும். பொம்மைக்கு எடை கிடையாது, வலிக்கவும் செய்யாது. அதனால இதை பொம்மைகிட்ட கத்துக்க முடியாது.

திருப்பினோம். முதுகுக்குக் கீழ, வால் எலும்புக்கு மேல, சுத்தியிருக்கிற தோலைவிடக் கருத்து ஒரு திட்டு இருந்துச்சு. நான் அழுக்குன்னு நினைச்சு தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதே. விரலால அழுத்து. மூணு எண்ணிட்டு விடு."

அழுத்தி விட்டேன். நிறம் மாறல. நல்ல தோலை அழுத்தி எடுத்தா ஒரு நொடி வெளுத்து, திரும்ப ரத்தம் ஓடி வரும். வெளுக்கலன்னா அங்க அடிபட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். படுக்கைப்புண்ணோட முதல் நிலை அதுதான். நம்ம மாதிரி கருப்பு, மாநிறத் தோல்ல சிவப்பும் வெளுப்பும் சரியாத் தெரியாது. அதனால புறங்கையை வச்சுப் பார்க்கணும். பக்கத்துத் தோலைவிடச் சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, இல்ல கொழகொழன்னு இருக்கான்னு கவனிக்கணும். அந்த இடத்தை ஸ்பிரிட், பவுடர் போட்டுத் தேய்ச்சு விடுற பழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. ஏற்கெனவே ரத்தம் கிடைக்காம தவிக்கிற சதையை அது இன்னும் கிழிக்கும்.

எனக்கு உறைச்சது அதுக்கப்புறம்தான். அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். மூணு நாளா இதயம், நுரையீரல், பிரஷர், சுகர், கை கால் பலம் எல்லாம் எழுதியிருந்துச்சு. முதுகைப் பத்தி ஒரு வரி இல்ல. யாரும் அலட்சியமா இருந்ததால இல்ல. ரவுண்ட்ஸ்ல நாம நோயாளியோட முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்குறோம். முழு உடம்பையும் தலையில இருந்து கால் வரைக்கும் பார்க்குற ஒரே சந்தர்ப்பம் பெட் பாத்.

அன்னையில இருந்து அவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினோம். நேர் பக்கவாட்டுல படுக்க வைக்காம, முதுகுக்குத் தலையணை கொடுத்து ஏறக்குறைய 30 டிகிரி சாய்ச்சு வச்சோம். கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வச்சு, குதிகால் படுக்கையில படாம தூக்கி விட்டோம். தோல் உடையல. ஒரு வாரத்துல அந்தத் திட்டு மங்கிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் யாரும் பார்க்காம விட்டிருந்தா தோல் திறந்திருக்கும். திறந்த புண் ஆற மாசக்கணக்குல ஆகும், கிருமி உள்ள போனா உயிருக்கே ஆபத்து.

இப்ப என் கருத்துக்கு வர்றேன்.

முதல் போஸ்டிங்ல தடுமாறுற மாணவர்கள் "எனக்கு அருவருப்பா இருக்கு, எனக்கு சேவை மனசு இல்ல போல"ன்னு தங்களையே திட்டிக்கிறாங்க. சீனியர்களும் அதையே சொல்லித் திட்டுறாங்க. நான் இதை ஒத்துக்க மாட்டேன். அன்னைக்கு எனக்கு இரக்கம் குறைவா இல்ல. முறைதான் தெரியல. துண்டை முதல்ல போடணும்னு தெரிஞ்சிருந்தா அந்த ஐயாவை நான் அவமானப்படுத்தியிருக்க மாட்டேன். வரிசை தெரிஞ்சிட்டா கை தன் வேலையைப் பார்க்கும், கண்ணுக்கும் வாய்க்கும் நோயாளியைக் கவனிக்க நேரம் கிடைக்கும். தயாரா இல்லைன்னு தோணினா அது பெரும்பாலும் உண்மைதான். யாரும் தயார் பண்ணல.

எப்படித் தயார் பண்றது? பொம்மைக்கு அப்புறம், வார்டுக்கு முன்னால, ஒருத்தருக்கொருத்தர் பண்ணிப் பார்க்கணும். முகம், ஒரு கை, பாதம் போதும். அதைவிட முக்கியம், ஒரு தடவை கட்டில்ல படுத்து, இன்னொருத்தர் உங்களைத் துடைக்க விடணும். தண்ணி ஆறினா எப்படி இருக்கும், சொல்லாம கையைத் தூக்கினா எப்படி இருக்கும்னு உடம்புக்கே தெரியும். வார்டுல முதல் பெட் பாத்தைத் தனியா கொடுக்க விடவே கூடாது. தெரிஞ்சவர் செய்ய, புதுசா வந்தவர் திருப்பிப் பிடிக்கணும். அடுத்த தடவை மாத்திக்கணும்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் இது வேணும். 2019-ல வந்த புதுப் பாடத்திட்டத்துல ஆரம்பத்துலயே ஃபவுண்டேஷன் கோர்ஸ் இருக்கு. முதலுதவி, சி.பி.ஆர். எல்லாம் சொல்லித் தர்றாங்க. அதுல ஒரு காலைப் பொழுதை இதுக்கு ஒதுக்கி, ஒரு நர்சிங் ஆசிரியரைப் பாடம் எடுக்க வைக்கணும். "இது டாக்டர் வேலையா?"ன்னு கேட்பீங்க. தினமும் செய்யற வேலை இல்லதான். ஆனா ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தவன் அதுக்கப்புறம் ரவுண்ட்ஸ்ல "முதுகு பார்த்தாச்சா?"ன்னு கேட்பான்.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ராத்திரி ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ஒரு வார்டு முழுக்கப் பார்த்துக்கிற இடத்துல, மாணவரைப் பக்கத்துல வச்சு நிதானமா சொல்லிக் கொடுங்கன்னு சொல்றது ஈஸி, செய்யறது கஷ்டம். அதனாலதான் வார்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே கத்துக் கொடுத்துடணும்னு சொல்றேன்.

அந்த மாணவிகிட்ட புதுசா வெந்நீர் எடுத்துட்டு வரச் சொன்னேன். சிஸ்டர் சொல்லச் சொல்ல அவங்க துடைச்சாங்க, நான் அந்த அம்மாவோட கண்ணுல படாம ஸ்க்ரீனுக்கு வெளிய வந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு அவங்க வந்து, "சார், ரெண்டு குதிகாலும் பார்த்தேன். இடது பக்கம் அழுத்தினா வெளுக்க மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு ரவுண்ட்ஸ்ல நான் பார்க்காம விட்டது அது.

உங்க வீட்டுல படுத்திருக்கிற அப்பா, அம்மா, பாட்டி யாராவது இருந்தா, இன்னைக்குத் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு எலும்போட பக்கவாட்டு, குதிகால், தலையோட பின்பக்கம் நாலையும் அழுத்திப் பாருங்க. வெளுக்கலன்னா தேய்க்காதீங்க. அந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ உங்க டாக்டர்கிட்டயோ காட்டுங்க. தோல் உடையறதுக்கு முன்னால.