வெள்ளிக்கிழமை வராத பிள்ளைகள்

எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள். முன்னாள் மாணவன் என்ற முறையில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 22ஆம் பிரிவுப்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை இந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். நடப்பில் தலைமையாசிரியர் எழுதுவார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இந்த முறை வரைவில் ஒரு வரி இருந்தது: "சராசரி வருகையை 88 சதவீதத்திலிருந்து 95 ஆக உயர்த்துதல்."

கையெழுத்துப் போடாமல் வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். இரண்டு மாலை உட்கார்ந்து தெருவாரியாகப் பிரித்தேன். ஊர்த்தெருவின் 38 பிள்ளைகளுக்கு வருகை 95 சதவீதம். சேரியின் 22 பிள்ளைகளுக்கு 76. இரண்டையும் கலந்தால் 88. 200 வேலை நாளில் 20 நாளுக்கு மேல் வராதவர்கள் 17 பேர். அதில் 14 பேர் எங்கள் தெரு.

தலைமையாசிரியர் வழக்கமான காரணத்தைச் சொன்னார். "பெத்தவங்களுக்கு அக்கறை இல்ல தம்பி, செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போயிடுறாங்க." நான்கு பேருக்கு அது உண்மை; தைக்குப் பிறகு தொடர்ச்சியாகக் கோடு விழுந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 31 நாள் வரவில்லை, அதில் 22 வெள்ளிக்கிழமை. அவள் அம்மாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை கழிவறைக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் முறை. முறை என்று பெயர்தான், ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு அது ஒருபோதும் வந்ததில்லை.

எனவே இலக்கை இப்படி மாற்றி எழுதினேன். ஜூன் முதல் பிள்ளைகள் கழிவறை கழுவுவது பூஜ்யம். சம்பளத்துக்கு ஆள் வேண்டும். (அதற்கும் எங்கள் தெருப் பெண்ணைத்தான் தேடினார்கள், அதைத் தனியாக எழுத வேண்டும்.) 20 நாளுக்கு மேல் வராத சேரிப் பிள்ளைகள் 14-இலிருந்து அடுத்த மார்ச்சுக்குள் 5. இரு தெருக்களுக்கும் இடையே உள்ள 19 புள்ளி இடைவெளி 8. சூளைக்குப் போகும் நால்வருக்கு, போகும் இடத்துப் பள்ளியில் சேர்த்த தேதி எழுதப்பட வேண்டும். அவர்கள் பெயரை அடித்துவிட்டாலும் சதவீதம் ஏறிவிடும் என்பதால், நீக்கப்பட்ட பெயர்களும் மாதக் கணக்கில் வர வேண்டும். வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறிப்பது இன்னும் சுலபம். ஆகவே வாரம் ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு தாய் வந்து மதியச் சாப்பாட்டு வரிசையில் தலையை எண்ணுவார்.

"திட்டத்துல சாதியக் கொண்டு வராதீங்க தம்பி" என்றார் தலைமையாசிரியர். "பின்தங்கிய பகுதி மாணவர்கள்" என்று எழுதலாமாம். உதவித்தொகைக்குச் சாதி கேட்கும் அதே அலமாரியில்தான் இந்தப் பதிவேடும் இருக்கிறது, சார் என்றேன். தெருவின் பெயரை அப்படியே எழுதியிருக்கிறேன். வரைவு அடுத்த கூட்டத்தில் கையெழுத்துக்கு வருகிறது. குழுவிலுள்ள எங்கள் தெருத் தாய்மார்கள் மூன்று பேரும் அன்று கூலிக்குப் போகாமல் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.