கைபேசியில் 24 மணி இருக்கட்டும், பிரான்ஸ் வேண்டாம்

பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் வாங்கித் தந்த கைபேசிகள் புதுச்சேரியில் பல வீடுகளில் உண்டு. பெரும்பாலும் அவை அங்கிருந்த அமைப்போடேயே வந்துவிடும். பிரெஞ்சில் படித்த எனக்கு அது பழகியதுதான். ஆனாலும் அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி.

வைத்துக்கொள்ள வேண்டியது 24 மணிக் கடிகாரம். பள்ளியில் பிற்பகல் மூன்றைப் பதினைந்து மணி என்றே படித்தோம். ரயில் டிக்கெட்டும் அப்படித்தான் பேசுகிறது. 15ஆம் தேதி 00:10 என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு சாப்பிட்டதும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும். 12 மணிக் கடிகாரத்தில் இதுவே 12:10 AM. AM என்றால் காலை என்று நினைப்பவர்களுக்கு அது நள்ளிரவு என்பது சட்டென்று உறைக்காது. பகல் 12 மணி மாத்திரைக்கு AM என்று அலாரம் வைத்தால், அது நடுராத்திரியில் அலறும்.

மாற்ற வேண்டியது எண் வடிவம். பிரெஞ்சு முறையில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ஆயிரத்துக்கு இடைவெளி விடுவார்கள். நம் ₹1,25,000.50 அங்கே 125 000,50 ஆகிவிடும். லட்சம் எங்கே நிற்கிறது என்று கண் தேடும். அதைவிட மோசம், 1,250 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பதா, ஒன்றேகாலா என்ற குழப்பம். பென்ஷன் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டல்ல.

தேதியில் பிரான்சும் நாமும் ஒன்று: நாள் முதலில், மாதம் பிறகு. தகராறு அமெரிக்க அமைப்பில்தான். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4. வருஷத்தில் 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும். உங்கள் கைபேசி எந்தக் கட்சி என்று அறிய, 12க்கு மேற்பட்ட நாள் உள்ள ஒரு தேதியைப் பாருங்கள். 04/25/2025 என்று காட்டினால் அமெரிக்கா.

ஐபோனில் Settings, General, Language & Region போய் Region என்பதில் India என்று வையுங்கள்.  ஆண்ட்ராய்டில் வட்டாரம் பெரும்பாலும் மொழியோடு சேர்ந்தே வரும்; மொழிப் பட்டியலில் English (India) அல்லது தமிழ் (இந்தியா) சேர்த்து முதலிடத்துக்கு இழுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் சற்று மாறும். பிறகு Date & time பக்கத்தில் 24-hour என்பதைத் தனியாக இயக்குங்கள். வட்டாரம் மாறும்போது கடிகாரமும் 12க்குத் திரும்பியிருக்கலாம்.

வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி மட்டும் இதற்கெல்லாம் மசியாது. அவர்கள் அடித்து அனுப்பியபடியே வரும்.