பெருநாள் சரக்குக்கு ஏலச்சீட்டு: கழிவு எவ்வளவு, உண்மையான வட்டி எவ்வளவு?

நோன்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் நம் ஊர்க் கடைத் தெருக்களில் பணத் தேவை தலைதூக்கும். துணிக்கடைக்காரர் புறக்கோட்டைக்குப் போய் பெருநாள் சரக்கை எடுத்தாக வேண்டும். கடன் வைத்திருப்பவருக்கு மொத்த வியாபாரி புதுக் கடன் கொடுக்க மாட்டார். வங்கிக்குப் போனால் 2019இலிருந்து 2022 வரை அடுத்தடுத்து விழுந்த அடிகளில் தவணை தவறிய பதிவு கிரிப் அறிக்கையில் இன்னும் நிற்கிறது. வங்கி வட்டி 2022, 2023இல் இருந்த உச்சியிலிருந்து பெரிதும் இறங்கிவிட்டது என்று செய்திகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் குறைந்த வட்டி, பதிவு சுத்தமாக இருப்பவருக்கும் ஈடு வைக்கக் காணி உள்ளவருக்கும்தான் கிடைக்கிறது. மற்றவருக்கு எஞ்சுவது சீட்டும் கைக்கடன்காரரும்தான்.

சீட்டு கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. நம் சமூகத்தில் எத்தனையோ கடைகள் சீட்டுப் பணத்தில்தான் தொடங்கின. ஏலச்சீட்டில் எடுக்கும் பணத்துக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பெரும்பாலானோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் சிக்கல்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கல்முனைப் பக்கத்தில் ஒரு துணிக்கடைக்காரர். 20 பேர், மாதம் 50,000 ரூபா, மொத்தம் 10 இலட்சம். முதல் மாதச் சீட்டைக் கழிவில்லாமல் சீட்டுப் பிடிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அதுதான் அவருடைய கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். யார் அதிகக் கழிவு விடுகிறாரோ அவருக்குச் சீட்டு. அந்தக் கழிவு 20 பேருக்கும் சமமாகப் பிரிந்து, அந்த மாதத் தவணையில் குறைகிறது. கழிவு தொடக்கத்தில் அதிகமாகவும் கடைசி மாதத்தில் பூச்சியமாகவும் இருக்கும். இரண்டாம் மாதம் 270,000, பின்னர் மாதத்துக்கு 15,000 வீதம் இறங்குகிறது என்று வைப்போம்.

நம் கடைக்காரர் மூன்றாம் மாதம் 255,000 ரூபா கழிவு விட்டு எடுக்கிறார். கையில் வருவது 745,000. அதுவரை, அந்த மாதத் தவணையையும் சேர்த்து, அவர் கட்டியது 123,750. இனி 17 மாதங்களுக்கு 38,000இல் தொடங்கி 50,000 வரை ஏறும் தவணைகள் வரும். அவற்றின் கூட்டுத்தொகை 748,000. ஆக மொத்தம் கட்டுவது 871,750, எடுத்தது 745,000. பணத்தின் விலை 126,750 ரூபா.

கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. “இரண்டரை இலட்சம் கழிவு விட்டேன், அதில் பாதி தவணைக் குறைவாக எனக்கே திரும்பி வந்துவிட்டது” என்பார்கள். அது உண்மையும்தான். ஆனால் அவர் கையில் வந்த பணத்தில் ஒரு பங்கு அவரே முன்னர் கட்டியது. மீதியையும் மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறார். அவ்வாறு கரைந்து போகும் பணத்தின் மீது 126,750 என்றால், மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாவுக்குச் சற்று மேல், ஆண்டுக்குச் சுமார் 25 வீதம்.

இதுவரை வந்தது சாதாரண ஏலம். நோன்புக்கு முந்திய ஏலம் அப்படி இருப்பதில்லை. துணிக்கடை, செருப்புக்கடை, பேன்சிக்கடை என்று மூன்று நான்கு பேருக்கு ஒரே மாதத்தில் பணம் வேண்டும். “நானா, இந்த முறை எனக்கு விட்டுத் தாங்க” என்று தொடங்கி, பிறகு யாரும் விட்டுக்கொடுக்காமல் கழிவு ஏறிக்கொண்டே போகும். அதே மூன்றாம் மாதத்தில் 3 இலட்சம் கழிவில் எடுத்தால் மாத வட்டி 3 வீதத்தைத் தொடுகிறது. 4 இலட்சம் கழிவில் எடுத்தால் கையில் வருவது 6 இலட்சம். அந்த மாதத் தவணை 30,000 ஆகக் குறைகிறது. ஆனாலும் மொத்தம் கட்ட வேண்டியது 864,500. விலை 264,500 ரூபா. மாதம் 5 வீதத்துக்கு மேல், ஆண்டுக்கு 60 வீதத்தையும் தாண்டுகிறது. ஏலத்தில் கூடுதலாக விட்டது 145,000தான், பணத்தின் விலையோ இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. கையில் வரும் தொகை குறைகிறது, கட்ட வேண்டிய தவணைகளோ அப்படியே நிற்கின்றன. அதனால்தான் கழிவு ஏற ஏற விலை இவ்வளவு வேகமாகக் கூடுகிறது.

அந்தச் சரக்கில் செலவு போக நூற்றுக்கு 20 நிற்கிறது என்று தாராளமாகவே வைப்போம். 745,000க்கு எடுத்த சரக்கில் 149,000 கிடைக்கும். சீட்டின் விலையைக் கழித்தால் 22,000 சொச்சம் மிஞ்சும். 6 இலட்சத்துக்கு எடுத்த சரக்கில் 120,000 கிடைக்கும். சீட்டின் விலையைக் கழித்தால் 144,500 நட்டம். பணத்தைத் திரும்பவும் சுற்றிவிடலாமே என்று கேட்கலாம். சுற்றலாம், ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணை அந்தப் பணத்திலிருந்துதான் போகிறது, சுற்றுவதற்கு எஞ்சும் தொகை குறைந்துகொண்டே வருகிறது.

தவணை ஏறிக்கொண்டு போவதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழக்கில் கடை வியாபாரம் பெருநாளையும் அறுவடையையும் நம்பியது. பெரும்போக நெல் விற்ற காசும் நோன்புப் பெருநாளும் கிட்டக் கிட்ட வரும் ஆண்டில் கையில் காசு புரளும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் வரும். அதன் பிறகு சிறுபோக அறுவடை வரை கடை மந்தம். சீட்டுத் தவணையோ அந்த மந்தக் காலத்தில்தான் 40,000ஐத் தாண்டி ஏறத் தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் கடைக்காரர் நாட்கடன்காரரின் கதவைத் தட்டுகிறார்.

நாட்கடனில் வழமையான ஒரு முறை இது: ஓர் இலட்சம் கடன், 10,000 முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 90,000 கையில் தருவார்கள். நாளுக்கு 1,000 வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். “பத்து வீதம்தானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், அந்த 100 நாட்களில் சராசரியாக அவர் கையில் இருப்பது 45,000 அளவுதான். அதற்கு 10,000 என்றால் மாதம் 6 வீதத்துக்கு மேல். சீட்டுத் தவணையைக் கட்ட எடுத்த நாட்கடனைக் கட்ட இன்னொரு நாட்கடன் எடுத்தால் கடையின் நாள் வருமானம் காலையிலேயே முடிந்துவிடும்.

இவ்வளவும் பணத்தின் விலை பற்றியது. கடையையே இழந்தவர்களின் கதையைக் கேட்டால் அதில் வட்டியை விடக் கையெழுத்துத்தான் முன்னால் நிற்கிறது. சீட்டை முன்னதாக எடுப்பவரிடமும் கைக்கடன் வாங்குபவரிடமும் கேட்பது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றம். சிறைத்தண்டனை வரை போகலாம். 2 இலட்சம் கடனுக்குக் கொடுத்த வெற்றுக் காசோலையில் 8 இலட்சம் என்று எழுதப்பட்டால், அது கடன் கணக்காக இல்லாமல் பொலிஸ் முறைப்பாடாக வந்து நிற்கும். எழுதியது நான் இல்லை என்று நிறுவுவது கடைக்காரரின் தலையில்.

காசோலை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தொகையையும் பெயரையும் நீங்களே எழுதுங்கள், கோடிட்டுக் கொடுங்கள், அடிக்கட்டையில் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று குறியுங்கள். கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் உங்கள் கொப்பியிலேயே, மீதித் தொகையுடன், அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். “நம்பிக்கை இல்லையா மச்சான்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். மிதமிஞ்சிய வட்டிக் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளத் திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாதவர் எதைக் காட்டி வாதாடுவார்?

காணியைப் பொறுப்பாகக் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். சட்டத்தரணியின் மேசையில் உங்கள் முன் வைக்கப்படுவது ஈட்டு உறுதியா, விற்பனை உறுதியா என்று பாருங்கள். “காசு தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்” என்ற வாய்ப்பேச்சை நம்பி விற்பனை உறுதியில் ஒப்பமிட்டால், சட்டத்தின் முகத்தில் நீங்கள் காணியை விற்றுவிட்டீர்கள். அது உண்மையில் கடனுக்கான பொறுப்புத்தான் என்று நிறுவ நீதிமன்றத்தில் வழியுண்டு, ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வாகனத்துக்கு ஓபன் பேப்பரில் கையெழுத்திடுவதும் இதே ஆபத்துத்தான்.

சீட்டே உடைவது வேறு கதை. 1935ஆம் ஆண்டிலிருந்தே சீட்டுகளை ஒழுங்குபடுத்த ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் கொப்பியும் தொலைபேசியும் வைத்து நடத்தும் சீட்டுகளில் அதை யார் நினைக்கிறார்கள்? உடைவதற்கு முன் அறிகுறி தெரியும். ஏலம் முடிந்த அன்றே கைக்கு வர வேண்டிய பணம் “வெள்ளிக்கிழமை தாறன்” என்று தள்ளிப்போகும். ஏலத்தில் நேரில் வராத, யாரும் பார்த்திராத இரண்டு மூன்று பெயர்கள் தொடக்கத்திலேயே சீட்டை எடுத்திருக்கும். முதற்சீட்டு பாதிவழியில் இருக்கும்போதே அதே ஆள் இன்னும் பெரிய சீட்டு ஒன்றுக்கு ஆள் சேர்ப்பார். பழைய சீட்டின் குழியை நிரப்பப் புதிய சீட்டின் முதல் மாதப் பணம் அவருக்குத் தேவைப்படுகிறது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், எடுக்காமல் கட்டிக்கொண்டிருப்பவர் தன் முறையைப் பிந்தி வைக்காமல் கேட்டு எடுத்துக்கொள்வதே நல்லது.

ஏலத்தில் விடும் கழிவு வட்டிதான் என்று உலமாக்கள் சொல்லிவருவது வாசகர்களுக்குத் தெரிந்ததே. கழிவே இல்லாமல், எல்லோரும் ஒரே தொகை கட்டி முறைக்கு ஒருவர் முழுத்தொகையையும் எடுக்கும் சீட்டை, ஒருவருக்கொருவர் கொடுக்கும் கடனாகவே பெரும்பாலான அறிஞர்கள் பார்க்கின்றனர். வியாபாரக் கணக்கிலும் அதற்கு விலை பூச்சியம். அதன் குறை, சீட்டுக் குலுக்கலில் நமக்குத் தேவைப்படும் மாதம் விழாது என்பதுதான். ஆனால் குலுக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஒரே வகைக் கடைக்காரர்கள் 20 பேர் சேராமல், வேறு வேறு பருவத்தில் பணம் தேவைப்படுபவர்கள் சேரலாம். துணிக்கடைக்காரருக்கு நோன்புக்கு முந்திய மாதம், உரமும் விதையும் விற்பவருக்குப் பெரும்போக விதைப்புக்கு முந்திய மாதம், ஹார்ட்வெயார்காரருக்கு மழை விட்டு வீடு கட்டத் தொடங்கும் மாதம், புத்தகக் கடைக்காரருக்குப் பாடசாலைத் தவணை தொடங்குமுன். முறையைத் தொடக்கத்திலேயே எழுதி, முன்னதாக எடுப்பவருக்கு வெற்றுக் காசோலைக்குப் பதிலாகச் சீட்டிலுள்ள இருவரைப் பிணை வைத்து, கொப்பியின் பிரதியை 20 பேரும் வைத்திருந்தால் போதும். இதற்கு ஆள் சேர்ப்பது ஏலச்சீட்டுக்குச் சேர்ப்பதை விடக் கடினம். கழிவில் இலாபம் பார்க்க வருபவர் இதில் சேரமாட்டார்.

அப்படி ஒன்று அமையாமல் ஏலத்துக்கே போவதென்றால், வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: இதுவரை கட்டியது, இனிக் கட்ட வேண்டியது, அந்தச் சரக்கில் நிற்கும் இலாபம். மேலே பார்த்த சீட்டில், நூற்றுக்கு 20 இலாபம் நிற்கும் கடைக்காரருக்கு இரண்டே முக்கால் இலட்சத்தைக் கழிவு தாண்டினால் அவர் சீட்டுக்காரர்களுக்காகத்தான் உழைக்கிறார். அந்த எண்ணை யாராவது தாண்டிக் கேட்டால், அந்த மாதச் சீட்டு அவருக்கே போகட்டும்.