மாதத்துக்கு ஒன்பது போதாது

புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் நாப்கின் இலவசம். பொட்டலத்துக்கு 6 என்றால், மாதத்துக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் மூன்றாம் நாளே தீர்ந்துவிடும். திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு போன்ற ஜவ்வாது மலைப் பகுதிகளில் கையில் காசில்லாத வீட்டுப் பெண்ணுக்கு மிச்ச நாட்களில் துணிதான் கதி.

துணியில் குற்றமில்லை. பருத்தித் துணி உறுத்தாது, செலவும் குறைவு. பச்சைத் தண்ணீரில் கறை போக அலசி, சோப்புப் போட்டு, நேர் வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்தால் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டால், மழைக்காலத்தில் ஈரம் போகாது. தொட்டால் சில்லென்றிருக்கும் துணியைக் கட்டினால் அரிப்பும் புண்ணும் வரும்.

டாம்பனை எட்டு மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும், விலையும் கட்டாது. சிலிகான் கப் சில நூறு ரூபாய்தான், பல ஆண்டு உழைக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிக் கழுவி மீண்டும் வைக்கலாம். மாதவிடாய் முடிந்ததும் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுக்க வேண்டும். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆலப்புழை நகராட்சி 2019இல் 5,000 கப்புகளை வழங்கியது. நம் அரசும் விரும்பும் பெண்களுக்கு கப் தரட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் அருகிருந்து கற்றுத்தரட்டும். அதுவரை நாப்கின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டும்.