முடிவு எங்கிருந்து வந்தது?



அந்தியூரிலிருந்து வந்த கடிதம் ஒன்று நல்ல காரசாரம். எங்கள் பேச்சைக் கேட்டு ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்தாராம். “நாலு பேர் மேல சந்தேகம் வர வெச்சுட்டு, கடைசியில பொண்டாட்டிதான் சுட்டாங்கன்னா இது ஏமாத்து வேலை இல்லீங்களா?” என்று கேட்கிறார். எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வந்த படம் என்பதால், முடிவை உடைத்துப் பேசுவதற்கு மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, விசாரணையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சின்னையா, செத்துப்போன ராஜனின் தம்பியைக் காட்டுகிறார். தம்பி தன் மனைவியையே காட்டுகிறான். அவள் ராஜனோடு உறவு வைத்திருந்த அம்புஜத்தை, அம்புஜம் திரும்பவும் சின்னையாவை. பணம், குடும்பச் சண்டை, கள்ள உறவு என்று எல்லாக் காரணங்களும் வீட்டைச் சுற்றியே வருகின்றன. ஆனால் படம் தொடங்கும்போது நமக்குச் சொல்வது வேறு. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரம் அது. சுடப்பட்டவன் ரேடியோ இன்ஜினியர். நாலு பேர் சொன்ன காரணங்களில் எதற்காவது அந்தப் போர் தேவைப்பட்டதா? ரேடியோதான் தேவைப்பட்டதா? அவன் மளிகைக்கடைக்காரனாக இருந்திருந்தாலும் அந்த நாலு கதையும் அப்படியே நின்றிருக்கும்.

பவானி ஜமக்காளத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஊடைநூலின் நிறம்தான். பாவு உள்ளே மறைந்து கிடக்கும். இங்கே போர்தான் பாவு. ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன், அவன் மனைவி உஷா தேசத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவள் என்று தெரிந்ததும், உபரியாகக் கிடந்த அந்த இரண்டு தகவலுக்கும் வேலை வந்துவிடுகிறது.

உஷாவை நாம் சந்தேகிக்காததற்கு வேறு காரணம் உண்டு. தாலியறுத்து நிற்பவளிடம், அதுவும் பண்டரிபாயின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, யாருக்குக் கேட்க மனசு வரும்? அதற்கு இரண்டு வருஷம் முன்பு ‘பராசக்தி’யில் கைதட்டல் வாங்கிய சிவாஜிதான் ராஜன் என்பதால், அவனைத் துரோகியாக நினைக்கவும் வராது. படம் அவளை ஒளித்து வைக்கவில்லை. முதலிலிருந்தே அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டது நம்முடைய மரியாதை.

ஏமாற்று வேலை எப்படி இருக்கும் என்றால், ஹிட்ச்காக்கின் ‘ஸ்டேஜ் ஃப்ரைட்’ (1950) பாருங்கள். நடந்ததாகத் திரையில் காட்டிய ஒரு பழைய சம்பவமே பொய் என்று பிற்பாடு சொல்வார்கள். அது தப்பு என்று பின்னாளில் ஹிட்ச்காக்கே ஒப்புக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் இரட்டைச் சகோதரன் வந்து குதிப்பதும் இதே ரகம்தான். அப்படிப்பட்ட கதைகள் எங்கள் மேசைக்கு வாராவாரம் வருகின்றன, திரும்பியும் போகின்றன.

ஆனாலும் உங்கள் மனக்குறையில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. உஷாவின் தரப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம். நாலு பேர் கதையிலேயே படம் பாதி களைத்துவிடுகிறது. அது வேகத்தில் உள்ள குறை, நாணயத்தில் இல்லை.

முதல் பத்து நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். அப்புறமும் கோபம் தீராவிட்டால் எழுதுங்கள், அடுத்த இதழில் வெட்டாமல் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்